யூரிக் ஆசிட் 8.4, வலி எங்கேயும் இல்லை

கம்பெனி செலவில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்தேன். வயது 44. யூரிக் ஆசிட் 8.4 என்று கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது. கால், கை எங்கேயும் வலி கிடையாது. ஃபெபுக்சோஸ்டாட் 40 மில்லிகிராம் தினம் ஒன்று போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆயுள் முழுக்கப் போடணுமா, டாக்டர்?
*– வாசகர், ஒயிட்ஃபீல்டு*

ஆயுள் முழுக்க என்பது இருக்கட்டும், ஆரம்பிக்கவே வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் பதில். அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: கவுட் வலி ஒருமுறைகூட வராதவர், தோலுக்கடியில் யூரேட் கட்டி இல்லாதவர் என்றால், ரத்தத்தில் அளவு கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட 24 பேர் மூன்று வருடம் மாத்திரை விழுங்கினால் ஒரே ஒருவருக்கு ஒரு கவுட் வலி தவிர்க்கப்படும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மீதி 23 பேர் விழுங்கியது எதற்காக?

அப்படியென்றால் 7-க்கு மேல் போனால் ஆபத்து என்று ரிப்போர்ட்டில் ஏன் போடுகிறார்கள்?
*– அதே வாசகர்*

டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், உடல் சூட்டில் யூரேட் உப்பு படிகமாகப் படியக்கூடும். லேப்கள் ஆண்களுக்கு 7-ஐ ஒட்டிக் கோடு போடுவது அதனால்தான். ஆனால் படியக்கூடும் என்பது வேறு, படிந்து வலிப்பது வேறு. பாஸ்டனில் சுமார் 2,000 ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 7-இலிருந்து 8.9 வரை இருந்தவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஐந்து பேருக்குத்தான் கவுட் வந்தது. 9-ஐத் தாண்டியவர்களில் அது ஆயிரத்துக்கு 49. நீங்கள் 8.4. ஆயிரத்தில் ஐந்து என்ற கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் எண் 9.8 ஆக இருந்திருந்தால் இதே பதிலை இன்னும் நிதானமாக, உங்களை நேரில் உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன்.

சரி, மாத்திரை வேண்டாம். ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா?
*– அதே வாசகர்தான்*

கூடாது. மாத்திரை வேண்டாம் என்றேனே தவிர, வேலை இல்லை என்று சொல்லவில்லை. இந்த எண் ஏன் ஏறியது என்று தேடுவதுதான் வேலை. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது, வரிசையாகப் பார்ப்போம்.

பிளட் பிரஷருக்கு டெல்மிசார்ட்டானோடு குளோர்தாலிடோன் 12.5 சேர்ந்த ஒரே மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குளோர்தாலிடோன் நீர் பிரியவைக்கும் மருந்து. சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை வெளியே தள்ளுவதை அது குறைக்கும். அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும், அடியில் பொடி எழுத்தில் இரண்டு மருந்துகள் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிப்பவர் குறைவு. ஹைட்ரோகுளோரோதயாசைடு என்று இருந்தாலும் இதே கதைதான். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம், ‘இதற்குப் பதில் அம்லோடிபைன் சேர்க்க முடியுமா, அல்லது லோசார்ட்டானுக்கு மாற்றலாமா?’ என்று கேளுங்கள். பிரஷர் மருந்துகளில் லோசார்ட்டான் யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். இதயத்துக்காகவோ வேறு காரணத்துக்காகவோ குளோர்தாலிடோன் அவசியம் என்று அவர் சொன்னால், அது இருக்கட்டும், 8.4-ஓடு வாழலாம்.

அடுத்தது, எடை 86 கிலோ, டிரைகிளிசரைடு 240, ஸ்கேனில் ஃபேட்டி லிவர். எனக்குக் கவலை தருவது 8.4 அல்ல, இந்த வரிசைதான். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் சிறுநீரகம் யூரிக் ஆசிட்டைத் தேக்கிக்கொள்ளும். சர்க்கரை நோய் வாசல் வரை வந்துவிட்டதா என்று எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் தெரிந்துவிடும். கிரியேட்டினின் 1.0 என்பதால் சிறுநீரகம் இப்போதைக்குச் சரி. ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையும் தைராய்டுக்கு டி.எஸ்.எச்.சும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை இரவு பீர், சனிக்கிழமை காலை ரத்தம். பீர் குடித்தாலும், கடுமையாக ஓடினாலும், நீண்ட பட்டினி கிடந்தாலும் எண் தற்காலிகமாக ஏறும். ஒரு மாதம் கழித்து, முந்தைய சில நாட்கள் குடிக்காமல், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். இரண்டாவது எண்ணை வைத்துப் பேசுவதுதான் நியாயம்.

இப்போதே மாத்திரை போட்டுக் குறைத்துவிட்டால் கிட்னியும் இதயமும் பிழைக்குமே, டாக்டர்? எதற்கு ரிஸ்க்?
*– வாசகி, ஜெயநகர்*

நானும் ஒரு காலத்தில் அப்படி நடக்கும் என்று ஆசைப்பட்டவன்தான். யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறும் இதய நோயும் அதிகம் என்பது உண்மை. ஆனால் எது எதைக் கொண்டுவருகிறது? மருந்து கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும். 2020-இல் இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஒன்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சிறுநீரகம் பழுதடைந்து வந்தவர்களிடம்; இன்னொன்று டைப் 1 சர்க்கரை நோயாளிகளிடம். இரண்டிலும் அலோபியூரினால் கொடுத்ததும் யூரிக் ஆசிட் நன்றாக இறங்கியது. சிறுநீரகம் கெடும் வேகம் மட்டும் குறையவே இல்லை. 2022-இல் பிரிட்டனில் 60 வயது தாண்டிய, 5,700-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்விலும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த மாத்திரைக் காசையும் கவனத்தையும் பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பக்கம் திருப்பினால் அதே கிட்னிக்கும் அதே இதயத்துக்கும் நிச்சயமான பலன் உண்டு. ஜப்பானில் வழக்கம் வேறு. பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ கூட இருந்தால் 8-லிருந்தும், எதுவும் இல்லாவிட்டால் 9-லிருந்தும் மாத்திரை யோசிப்பார்கள். நம் ஊரில் சில டாக்டர்கள் அந்த வழியில் போவதும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த 2020 ஆய்வுகள்தான் கண்முன் நிற்கின்றன.

மாத்திரை போட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லையே?
*– வாசகர், மல்லேஸ்வரம்*

உண்டு. அலோபியூரினால் மிகச் சிலருக்குத் தோல் உரிந்து, வாய் வெந்து, உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையைக் கொண்டுவரும். பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள். கவுட் உள்ளவருக்கு அந்த ரிஸ்க் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வலியே இல்லாதவருக்கு? ஃபெபுக்சோஸ்டாட்டில் கவலை வேறு. இதய நோயும் உள்ள கவுட் நோயாளிகளிடம் 2018-இல் வந்த ஆய்வில், அலோபியூரினால் சாப்பிட்டவர்களைவிட இதில் இதய மரணம் அதிகம் தெரிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019-இல் கடும் எச்சரிக்கை போட்டது. பிறகு 2020-இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் அப்படித் தெரியவில்லை. இதில் இன்னொன்றும் உண்டு: அளவு திடீரென்று இறங்கும்போது, மூட்டில் ஏற்கெனவே சத்தமில்லாமல் படிந்திருக்கும் படிகங்கள் கலைந்து, முதல் வலியே மாத்திரை தொடங்கிய பிறகு வருவதும் உண்டு.

ஜனவரியில் அவரை மேளா. பருப்பு, பயறு எதையும் தொடாதே என்று வீட்டில் தடை. பிதுக்குப் பருப்புக் குழம்பை மறந்துவிட வேண்டியதுதானா?
*– வாசகர், அல்சூர்*

போய்ச் சாப்பிடுங்கள். அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களைப் 12 வருடம் கவனித்த ஆய்வு 2004-இல் வந்தது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடியது. பருப்பு, பட்டாணி, கீரை, காளான் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பால், தயிர் சேர்த்தவர்களுக்குக் குறைந்தது. பாசிப்பருப்பைப் பறித்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளைச் சோறை ஏற்றுவது சர்க்கரைக்கு வழி.

தடை போட வேண்டிய இடம் வேறு: மிலிட்டரி ஹோட்டலில் வாரா வாரம் ஈரல் வறுவலும் போட்டியும், அதோடு பீரும். மற்ற மதுக்களைவிட பீருக்கு இதில் பங்கு அதிகம். பிறகு கூல்டிரிங்கும் பாட்டில் ஜூஸும். அந்த இனிப்பில் உள்ள ஃப்ரக்டோஸை ஈரல் உடைக்கும்போதே யூரிக் ஆசிட் உண்டாகிறது. ஃபில்டர் காபிக்குத் தடை இல்லை, சர்க்கரையை மட்டும் குறையுங்கள். எவ்வளவு கட்டுப்பட்டாலும் சாப்பாட்டால் இறங்குவது பெரும்பாலும் ஒரு புள்ளி அளவுதான். பாதிக்கு மேல் நம் உடம்பே தயாரிப்பது.

அம்மாவுக்கு டி.பி. மருந்து தொடங்கி ஒரு மாதம். யூரிக் ஆசிட் 11. மருந்தை நிறுத்திவிடட்டுமா?
*– வாசகி, மர்ஃபி டவுன்*

நிறுத்தவே கூடாது. முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் பைராசினமைடு என்பது யூரிக் ஆசிட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். இது எதிர்பார்த்ததுதான், அந்த மருந்து முடிந்ததும் தானாக இறங்கும். மூட்டு வலித்தால் டி.பி. மருந்து கொடுப்பவரிடமே சொல்லுங்கள். நடுவில் மருந்தை விட்டால் டி.பி. கிருமி மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடக்கூடும். அதன் பக்கத்தில் 11 ஒன்றுமே இல்லை.

இரண்டு வருடம் முன்பு கால் கட்டைவிரலில் கவுட் வந்தது. மாத்திரையில் இருக்கிறேன், இப்போது வலியே இல்லை. நானும் விட்டுவிடலாமா?
*– வாசகர், ஃப்ரேசர் டவுன்*

நீங்கள் இந்தக் கூட்டத்தில் இல்லை. வலி இல்லாமல் இருப்பதே அந்த மாத்திரையால்தான். 6-க்குக் கீழே வைத்திருங்கள். யூரிக் ஆசிட் கல் வந்தவர்களும், புற்றுநோய் மருந்து தொடங்கப்போகிறவர்களும் இப்படித்தான். நான் மேலே எழுதியது அவர்களுக்குப் பொருந்தாது.

வலி வந்தால் அது இதுதான் என்று எப்படித் தெரியும்?
*– வாசகர், ஒயிட்ஃபீல்டு*

பெரும்பாலும் நடுராத்திரி. கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, ஒரு நாளைக்குள் உச்சத்துக்குப் போகும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். வருடக்கணக்காக இழுக்கும் முழங்கால் வலியும், குதிகால் வலியும் பொதுவாக இதில் சேராது. அந்த வலி நாளில் ரத்தம் பார்த்தால் யூரிக் ஆசிட் சாதாரணமாகவே வரலாம். அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து ஒரே மூட்டு வீங்கினால் மட்டும் யூரிக் ஆசிட் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.