ஒரு பாராட்டு, மூன்று சட்டை

கேள்வி: விழுப்புரம் ஆபீசில் எங்கள் சூப்பரிண்டெண்ட் ஓய்வு பெறுகிறார். வாழ்த்து அட்டை, வாட்ஸ்அப், மேடை மூன்றிலும் நான்தான் பாராட்டணுமாம். எப்படி?
- திண்டிவனம் வாசகர்

பதில்: ‘சிறந்த மனிதர்’ வேண்டாம், எந்த சாருக்கும் பொருந்தும். அவர் செய்த ஒன்றைப் பிடியுங்கள். மனுவில் தப்பிருந்தால் தானே திருத்தித் தருவாரா? அது போதும்.

அட்டையில் எல்லாரும் கையெழுத்துப் போடணும், ஒரே வரி: “மனுவுக்காகச் செஞ்சிக்காரரை மறுபடி பஸ் ஏறவைக்காதவருக்கு!”

வாட்ஸ்அப்பில் உங்கள் கதை: “சார், என் முதல் ஃபைலைத் திட்டாம திருத்தினீங்க. இன்னைக்கும் அப்படியேதான் எழுதுறேன்.” குரூப்பில் போட்டால் கைகூப்பும் எமோஜிகளுக்குள் காணாமல் போகும், தனியாக அனுப்புங்கள்.

மேடையில் அவர் வீட்டாரும் இருப்பார்கள், நடந்ததைச் சொல்லி, ஆளைக் கடைசியில் காட்டுங்கள்: “செஞ்சியிலிருந்து ஒரு பாட்டி வந்தாங்க. மனுவில தப்பு. பக்கத்துல உட்காரவச்சு எழுதிக் கொடுத்தவர்... நம்ம சார்!” உடனே உட்காருங்கள். பிரியாணி ஆறுகிறது.