நானூறு வெள்ளித் தம்பி

பாகான் செராயில் இந்த ரகத் தம்பியைக் கண்டுபிடிப்பது சுலபம். சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் ஆடை கட்டிப்போயிருக்கும். அவர் கைப்பேசியில் எதையோ தட்டுவார், அழிப்பார், மறுபடி தட்டுவார். காதல் என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். விஷயம் அலவன்ஸ்.

யூனியில் கடைசி செமஸ்டர். பிறையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பிராக்டிக்கலுக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதத்தில் மாத அலவன்ஸ் 400 வெள்ளி. வாடகை அறை 300. வேலை நாள் 22, நாளுக்குச் சாப்பாடு 12 வெள்ளி என்றால் 264. ஆக, வேலைக்குப் போவதற்காக மாதம் 164 வெள்ளி அப்பா கொடுக்கவேண்டும்; மோட்டாருக்கு எண்ணெய் தனி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகிவிட்டதே என்று அம்மா கேட்கிறார். அது தொழிலாளிக்கு, பிராக்டிக்கல் பிள்ளை சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் மாணவன்தான்.

சரி, கேட்டுப் பார்க்கலாமே? அங்கேதான் தம்பியின் குணம் வெளிப்படும். அவர் எழுதிய முதல் செய்தியில் வணக்கம் இரண்டு, நன்றி மூன்று, மன்னிப்பு நான்கு. “தொந்தரவாக நினைக்கவேண்டாம், முடியாவிட்டாலும் பரவாயில்லை” என்று முடிகிறது. எவ்வளவு வேண்டும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. இதைப் படிக்கும் எச்.ஆர். அதிகாரி, பையன் இடம் கிடைத்ததற்கு நன்றி சொல்கிறான் என்று எண்ணி ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவார்.

இந்தப் பணிவு நேற்று முளைத்ததல்ல. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டிய வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்கவேண்டியிருந்தது. தம்பி இன்னும் மனசுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்.

காப்பாற்றியவர் பெரியப்பா. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளிலும் தொகையைத்தான் முதலில் தேடுவார்.

“கையெழுத்து போட்டாச்சா?”

“இல்லே பெரியப்பா. ஒப்புதல் பாரத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள பெக்கல்ட்டிக்கு அனுப்பணும்.”

“அப்போ இன்னிக்கே கேளு. பாரம் போயிட்டா நீ கேக்குறது வெறும் புலம்பல்தான்.”

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். அரசாங்கத்தின் டேலண்ட்கார்ப் நடத்தும் மைசிப் திட்டத்தைத் தம்பி எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதில் பதிந்து ஒப்புதல் பெற்ற கம்பெனி, பட்டப்படிப்பு மாணவனுக்கு மாதம் குறைந்தது 600 வெள்ளி கொடுத்துப் பத்து வாரமாவது பயிற்சி தந்தால், அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்ளலாம். 2025 மதிப்பீட்டாண்டும் இந்தச் சலுகைக்குள் வரும். பெரியப்பா நாசி லெமாக் காகிதத்தின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தார். 24 விழுக்காடு வரி கட்டும் கம்பெனி 400 கொடுத்தால், வரியில் 96 குறையும். உண்மைச் செலவு 304. திட்டத்தில் சேர்ந்து 600 கொடுத்தால் 1,200-க்குக் கழிவு, வரியில் 288 குறையும். உண்மைச் செலவு 312.

“எட்டு வெள்ளிக்காடா இத்தனை மன்னிப்பு?”

(சின்னக் கம்பெனிக்கு இந்தக் கணக்கு இவ்வளவு இனிக்காது. 17 விழுக்காடு வரி என்றால் வித்தியாசம் 64 வெள்ளி. வரி கட்டும் அளவுக்கு லாபமே இல்லாத இடத்தில் முழு 200-ம் முதலாளி கைப்பணம். அங்கே மதியச் சாப்பாடோ எண்ணெய்ச் செலவோ கேட்பதுதான் புத்திசாலித்தனம்.)

புதுச் செய்தி ஆறு வரியில் முடிந்தது. இடம் தந்ததற்கு ஒரே ஒரு நன்றி. வாடகையும் சாப்பாடும் 564 ஆவது. “அலவன்ஸை 600 ஆக மறுபரிசீலனை செய்ய இயலுமா?” என்ற நேர்க் கேள்வி. மைசிப் பற்றி ஒரு வரி. முடியாவிட்டால் மதியச் சாப்பாடாவது கிடைக்குமா என்ற மாற்று. வியாழனுக்குள் பதில் தந்தால் பாரம் அனுப்ப வசதியாக இருக்கும் என்ற தேதி. வேறு கம்பெனி அதிகம் தருகிறது என்று ஒரு பொய்யைச் சேர்க்கச் சொன்னான் சிநேகிதன். பெரியப்பா தடுத்துவிட்டார்: “அப்போ அங்கேயே போன்னு சொன்னா எங்கே போவே?”

புதன்கிழமை போன் வந்தது. திட்டத்தில் பதிய இப்போது நேரமில்லையாம். ஆனால் 500 தருகிறார்கள், கேன்டீனில் மதியச் சாப்பாடு சும்மா. தம்பி போனிலேயே எழுந்து நின்று நன்றி சொன்னார். மதியச் சாப்பாட்டைப் பாதிச் செலவாக வைத்தாலும் மாதம் 132 மிச்சம். பழைய 164 பள்ளத்தில் 100-ம் 132-ம் விழுந்து, கையில் 68 நிற்கிறது. எண்ணெய்க்கு ஆச்சு.

“கடிதத்துல மாத்திட்டாங்களா?” என்றார் பெரியப்பா.

மாற்றவில்லை. கடிதத்தில் இன்னும் 400-தான். திருத்திய கடிதம் அனுப்பச் சொல்லிக் கேட்கவேண்டும். தம்பி கைப்பேசியை எடுத்து, இரண்டு வணக்கத்தோடு ஆரம்பித்தார்.