மூணேகால் மணி, எந்த நாள்?

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். நகைக்கடன் வட்டியில் பத்துப் பைசா பிசகினதில்லை. அப்படிப்பட்டவன், பெற்ற பிள்ளை எத்தனை மணிக்கு வந்து இறங்குவான் என்கிற ஒரே ஒரு கணக்கை இரண்டு தடவை தப்பாகப் போட்டு, இரண்டு தடவையும் அவனைத் திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் பெட்டிகளோடு நிறுத்தியிருக்கிறேன்.

முதல் தடவை 2019 மே மாதம். சான்பிரான்சிஸ்கோவில் ஏறி, துபாயில் மாறி வருகிறான். டிக்கெட்டில் 16-ஆம் தேதி 03:15 என்று இருந்தது. தினசரிக் காலண்டரில் 16-ஐ வட்டம் போட்டேன். பத்தமடையிலிருந்து களக்காடு, பணகுடி, நாகர்கோவில் வழியாகப் போனால் ஏறக்குறைய நாலு மணி நேரம். "வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வண்டி வேணும்டே" என்று டிரைவர் தம்பியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

வியாழக்கிழமை விடியற்காலை நாலரைக்கு போன். "அப்பா, எங்க நிக்கீங்க?"

நான் நிற்கவில்லை. பாயில் படுத்திருந்தேன். பத்தமடைக்காரன் அந்த நேரத்தில் வேறு எங்கே இருப்பான்?

தப்பு எங்கே நடந்தது என்று பிறகு யோசித்தேன். நம் வாயில் நாள் என்பது விடிந்தால்தான் ஆரம்பம். பஞ்சாங்கமும் சூரிய உதயத்திலிருந்துதான் கிழமையை எண்ணுகிறது. புதன்கிழமை படுத்து, நடுவில் மூணேகாலுக்கு எழுந்தால் அது நமக்குப் புதன்கிழமை ராத்திரிதான். காலண்டர் தாளையும் காபி குடித்த பிறகுதானே கிழிக்கிறோம்? விமானக்காரன் தாளை நடுராத்திரி பன்னிரண்டுக்குக் கிழிக்கிறான். அவன் போட்ட 16-ஆம் தேதி 03:15-க்கு நான் 15-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் புறப்பட்டிருக்க வேண்டும். நம் பக்கம் வருகிற வளைகுடா விமானங்களில் பல இப்படி அகால நேரத்தில் இறங்குகிறவை. அதனால் மணியைவிடத் தேதியில் வழுக்கி விழுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். துணைக்கு ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்வதில் ஒரு ஆறுதல்.

அடுத்த முறை விட்டுவிடக்கூடாது என்று கணக்கில் இறங்கினேன். அங்கேதான் பெரிய வினை.

டிக்கெட்டில் அச்சடிக்கிற ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகார நேரம். கிளம்புவது கலிபோர்னியா நேரம், துபாயில் இறங்கி ஏறுவது துபாய் நேரம், வந்து சேருவது நம் நேரம். ஆக, கடைசி வரியை வாசித்தால் போதும், கூட்டவோ கழிக்கவோ ஒன்றுமில்லை. இதை மகன் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறான். ஆனால் கணக்கு எழுதின கைக்கு, சரிபார்க்காமல் ஒரு தொகையை ஏற்றுக்கொள்ள மனசு வராது.

2024-இல் தீபாவளிக்கு லீவு கிடைக்காமல், அதற்கு அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 2-ஆம் தேதி, கிளம்பினான். சான்பிரான்சிஸ்கோவில் மாலை 4 மணிக்கு ஏறுகிறான். பதினைந்தரை மணி நேரம் பறந்து துபாய், அங்கே மூணேகால் மணி நேரம் காத்திருப்பு, பிறகு நாலு மணி நேரப் பறப்பு. மொத்தம் இருபத்திரண்டே முக்கால் மணி நேரம். டிக்கெட்டின் கடைசி வரியில் 4-ஆம் தேதி திங்கள் 03:15. தேதி விஷயத்தில் இந்தத் தடவை நான் உஷார்.

முந்தின நாள் பேசும்போது, "இங்க ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை மாத்துறாங்கப்பா" என்றான். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுத்துக்கொள்வார்கள். கோடையில் நமக்கும் கலிபோர்னியாவுக்கும் பன்னிரண்டரை மணி வித்தியாசம் என்றால் குளிர்காலத்தில் பதின்மூன்றரை. நான் பென்சிலை எடுத்தேன். சனி மாலை 4-உடன் பதின்மூன்றரை கூட்டினால் நமக்கு ஞாயிறு காலை ஐந்தரை. அதோடு பயண நேரத்தைக் கூட்டினால் திங்கள் அதிகாலை 4:15.

டிக்கெட் 3:15 என்கிறது, என் கணக்கு 4:15 என்கிறது. யார் சரி? டிக்கெட் இரண்டு மாதம் முன்னால் அடித்தது, கடிகாரம் மாறப்போவது அதற்குத் தெரிந்திருக்காது என்று முடிவுகட்டினேன். விமானக் கம்பெனிக்கே பாடம் நடத்திவிட்ட பெருமையோடு, நாகர்கோவிலில் வண்டியை நிறுத்தி சாவகாசமாக டீ குடித்தேன். டிரைவர் தம்பிக்கு இந்தப் பிழையை விளக்கமாகச் சொன்னேன். அவரும், "பெரிய கம்பெனியில கூட இப்படியா அண்ணாச்சி" என்று வருத்தப்பட்டார்.

போய்ச் சேர்ந்தபோது மகன் வெளியே வந்து, இரண்டாவது காபியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது, டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே அவன் கணக்கைப் போட்டுக் காட்டினான். கடிகாரம் மாறியது ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு. அவன் ஏறியதோ சனி மாலை. ஏறிய நிமிடத்தில் அந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டியதோ அதுதான் கணக்கு. அவன் பறந்துகொண்டிருக்கும்போது அங்கே யார் கடிகாரத்தைத் திருகினாலும் விமானத்துக்கு ஒன்றுமில்லை. அன்று மாலை கலிபோர்னியா, கிரீனிச் நேரத்துக்கு ஏழு மணி பின்னால் இருந்தது. ஆக 4 மணி என்பது கிரீனிச்சில் சனி ராத்திரி 11. இருபத்திரண்டே முக்கால் கூட்டினால் ஞாயிறு ராத்திரி 9:45. நமக்கு ஐந்தரை மணி முன்னால், கூட்டினால் திங்கள் 3:15. டிக்கெட்டில் உள்ளது உள்ளபடி வந்து நின்றது.

"விடை எவ்வளவு தள்ளிப்போச்சுன்னு பாத்தாலே தப்பு எங்கன்னு தெரியும்பா" என்றான். சரியாக ஒரு மணி நேரம் இடித்தால் இந்தக் கடிகார மாற்றம். சரியாக ஒரு நாள் இடித்தால் நடுராத்திரித் தேதி. பன்னிரண்டரையோ பதின்மூன்றரையோ இடித்தால், ஏற்கெனவே நம் ஊர் நேரத்தில் இருப்பதை இன்னொரு தடவை நம் ஊர் நேரமாக மாற்றியிருக்கிறோம். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பேரேட்டில் வித்தியாசம் வந்தால் அந்தத் தொகையை வைத்தே எந்தப் பதிவு இரட்டித்தது என்று கண்டுபிடிப்பவன் நான்.

அந்த மூன்றாம் வகைத் தப்பையும் நான் விட்டுவைக்கவில்லை. விமானத்தில் செய்யாமல் பாயில் செய்தேன்.

மகனுடைய சிநேகிதனுக்கு 2025 ஜூன் 14, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அங்கேயே கல்யாணம். பெண், மாப்பிள்ளை பெயரும் தேதியும் போட்டு ஒரு பட்டுப்பாய் நெய்து வாங்கச் சொன்னான். எங்கள் ஊர்க் கல்யாணப் பாய்க்கு அதுதானே பேர். எனக்கு உடனே கணக்கு ஓடியது. அங்கே சனி மாலை ஆறு என்றால் நமக்கு ஞாயிறு காலை ஆறரை. கோடைக்காலம், பன்னிரண்டரைதான். இந்தத் தடவை வித்தியாசத்தைக்கூடச் சரியாகப் பிடித்தேன். பாய் நெய்கிற அம்மாவிடம் 15.6.2025 என்று எழுதிக் கொடுத்தேன்.

"தம்பி பதினாலுன்னுல்லா சொல்லிச்சு அண்ணாச்சி?"

"அது அங்க உள்ள தேதிம்மா. நாம இந்தியத் தேதி போடணும்லா."

கோரையை மயிரிழையாகக் கிழித்து நாள்கணக்கில் நெய்த பாய். வீடியோவில் விரித்துக் காட்டினேன். மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கல்யாணம் எந்த ஊர்லப்பா?" என்று மட்டும் கேட்டான்.

வேறு பாய் நெய்து அனுப்பினோம். தப்பான தேதி போட்ட முதல் பாய் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. விருந்தாளி வந்தால் அதைத்தான் விரிக்கிறோம். யார் இந்த ஜோடி என்று கேட்பவர்களுக்கு என் மனைவி முழுக் கதையும் சொல்லுவாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.