ஒரு வீட்டுக்கு இரண்டு ரிமோட் ஆகாது

படம் வரவில்லை என்றால் முதலில் ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டவேண்டும். இதனால் பலன் எதுவும் இல்லை. ஆனாலும் இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போன ஆளை நான் கனமூலையில் கண்டதில்லை. அடுத்தபடியாக வீட்டிலுள்ள சிறு பிள்ளையை அதட்டவேண்டும். மூன்றாவதாக ஒரு மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூரைக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்பப் போவார். அவரை அங்கேயே மறித்துவிடுங்கள். டிஷ் ஓரிரு பாகை விலகினாலே சிக்னல் போய்விடும். பிறகு அதைச் சரிப்படுத்த மதுரங்குளிப் பக்கமிருந்து ஆள் பிடிக்கவேண்டி வரும். கூரையில் பழுதே இல்லாதபோது இந்தச் செலவு எதற்கு?

பழுது கூரையிலா கூடத்திலா என்று அறிய, ஏணி வேண்டாம். பொக்ஸின் ரிமோட்டை எடுத்து MENU பொத்தானை அழுத்துங்கள். திரையில் பொக்ஸின் பட்டியல் விரிந்தால் டீவியும் பொக்ஸும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. குறை டிஷ்ஷிலோ, மழையிலோ, கட்டாத கட்டணத்திலோ இருக்கிறது. பட்டியல் வராமல், வெறும் நீலத்திலோ கறுப்பிலோ No Signal என்ற எழுத்து மிதந்தால் அதைச் சொல்வது டீவி. வானத்திலிருந்து ஒன்றும் வரவில்லை என்று அது சொல்லவில்லை. தான் பார்த்துக்கொண்டிருக்கும் துளையில் ஒன்றும் வரவில்லை என்று சொல்கிறது. திரை முழுக்க எறும்பு ஓடினால் டீவி இன்னும் பழைய அன்டெனாவைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரூபவாஹினியை மூங்கில் கம்பில் கட்டிய அன்டெனாவில் பிடித்த காலத்தை அது மறக்கவில்லை.

இனி டீவியின் பின்பக்கம் போங்கள். பொக்ஸிலிருந்து வரும் வயரை விரலால் தடவிக்கொண்டே போய், அது எந்தத் துளையில் முடிகிறதோ அங்கே எழுதியிருப்பதை வாசியுங்கள்: HDMI 1, HDMI 2, AV. டீவிக்கு முன்னால் உட்கார்ந்து ஊகிப்பதைவிட இது விரைவானது. ஆனால் இதில் கௌரவம் குறைவு என்பதால் ஆண்கள் கடைசியில்தான் செய்கிறார்கள்.

துளையின் பெயர் தெரிந்த பிறகு டீவியின் ரிமோட்டில் SOURCE, அல்லது INPUT, அல்லது சதுரத்துக்குள் அம்புக்குறி பாய்கிற பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். பட்டியல் வரும். பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுவது இங்கேதான். ஒருமுறை அழுத்துகிறார்கள், படம் வரவில்லை, உடனே இன்னொருமுறை அழுத்துகிறார்கள். பல டீவிகளில் ஒவ்வொரு அழுத்தலும் தெரிவை ஒரு படி கீழே தள்ளும். தெரிவு செய்த துளைக்கு டீவி மாறிப் படத்தைக் காட்டச் சில விநாடிகள் பிடிக்கும். அதற்குள் HDMI 1ஐத் தாண்டி HDMI 2, அதைத் தாண்டி AV, பிறகு மறுபடி TV என்று வட்டமடித்து, சரியான இடத்தை இரண்டு மூன்று தடவை கடந்துவிடுவார்கள். ஆகவே தெரிவு சரியான பெயருக்கு வந்ததும் ரிமோட்டைக் கீழே வையுங்கள். சில டீவிகளுக்கு OK கொடுக்கவேண்டும். சில தாமாக மாறும். ஒரு சலவாத்துச் சொல்லி முடிக்கும் நேரம் போதும்.

படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தது என்றால் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். மத்திய கிழக்கிலிருந்து மகன் கொண்டுவந்த மெல்லிய டீவி ஒன்றையும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மட்டுமே உள்ள பழைய பொக்ஸ் ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். டீவியின் பின்னால் மஞ்சள் துளையையே காணோம். பச்சை, நீலம், சிவப்பு, பக்கத்தில் வெள்ளையும் இன்னொரு சிவப்பும் இருக்கின்றன. பச்சைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் Y/VIDEO என்றிருந்தால் மஞ்சள் வயர் போகவேண்டிய இடம் அதுதான். அந்தத் துளை இரண்டு வேலை பார்க்கிறது. பட்டியலில் Component என்பதைத் தெரிவு செய்தால் டீவி நிறத்தை நீலத் துளையிலும் சிவப்புத் துளையிலும் தேடும். அங்கே ஒன்றும் இல்லாததால் உலகத்தை உம்மாவின் கலியாணப் படம்போலக் காட்டும். AV என்பதைத் தெரிவு செய்தால் நிறம் வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் பொக்ஸின் பட்டியலில் NTSC என்று இருக்கிறதா பாருங்கள். இலங்கை ஒளிபரப்பு PAL முறை, அதற்கு மாற்றுங்கள்.

அடுத்தது, ஒரே ரிமோட் என்ற பெருங்கனவு. கனவு கண்டவர்களில் நீங்கள் முதல் ஆளல்ல. ஆப்பிள் கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக்கே சொந்தமாக நிறுவனம் தொடங்கி, மற்ற ரிமோட்டுகளிடமிருந்து பாடம் கற்கும் ரிமோட் ஒன்றை 1987இல் விற்பனைக்கு விட்டார். இன்று நம் பொக்ஸோடு இனாமாக வருகிற பல ரிமோட்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன. நாம்தான் அந்தப் பொத்தான்களைத் தொடுவதில்லை.

வழி இரண்டு உண்டு. வயர் HDMI என்றால் டீவியின் ரிமோட்டாலேயே பொக்ஸை ஆட்டலாம். அதற்கென்றே அந்த வயருக்குள் தனியாக ஓர் இழை ஓடுகிறது. டீவியின் அமைப்புகளில் அதன் பெயரைத் தேடவேண்டும். சாம்சங்கில் Anynet+, எல்ஜியில் SIMPLINK, சோனியில் BRAVIA Sync. ஒரே சங்கதிக்கு ஆளுக்கொரு பெயர். பொக்ஸிலும் CEC என்பதைத் திறந்துவிடவேண்டும். மலிவான பொக்ஸ்களில் அது இருக்காது; இருந்தால் பொக்ஸைப் போட்டதும் டீவி தானாக விழித்துச் சரியான துளைக்கு வந்துவிடும். பொக்ஸை அணைத்தால் டீவியும் படுத்துக்கொள்வதுண்டு, அதைப் பேய் என்று சொல்லி ஓதிப் பார்க்கவேண்டாம்.

மஞ்சள் வயர் வீட்டுக்கு அந்த இழை கிடையாது. அங்கே பொக்ஸின் ரிமோட்டுக்குத்தான் பாடம் நடத்தவேண்டும். அதன் மேல்பக்கத்தில் TV என்று கோடு போட்டுப் பிரித்த நாலைந்து பொத்தான்கள் இருக்கும். SET பொத்தானைச் சிவப்பு விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். கற்கவேண்டிய பொத்தானை, முதலில் POWERஐ, ஒருமுறை அழுத்துங்கள், விளக்கு சிமிட்டும். இரண்டு ரிமோட்டையும் மேசையில் தலைக்குத் தலை, இரண்டு மூன்று விரல் இடைவெளியில் வைத்து டீவி ரிமோட்டின் POWERஐ அழுத்துங்கள். விளக்கின் சிமிட்டு மாறினால் பாடம் ஏறிவிட்டது. இதேபோல ஒலி கூட்ட, ஒலி குறைக்க, SOURCE. முடிவில் SETஐ மறுபடி அழுத்தி வெளியேறுங்கள். பொத்தான்களின் பெயர் பொக்ஸுக்குப் பொக்ஸ் கொஞ்சம் மாறும்; முறை இதுதான்.

பாடத்தை ஜன்னல் வெயிலில் நடத்தாதீர்கள். ரிமோட் பேசுவது கண்ணுக்குத் தெரியாத ஒளியில், வெயிலிலும் அதே ஒளி நிறைய உண்டு. பாடம் ஏறவே இல்லை என்றால் ஆசிரியர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள்: டீவி ரிமோட்டின் நுனியை ஃபோனின் முன்பக்கக் கெமராவுக்குக் காட்டி அழுத்தினால் ஊதா வெளிச்சம் மினுங்கவேண்டும். மினுங்காவிட்டால் பற்றரி.

பொக்ஸின் ஒலியை ஏறக்குறைய முழுக்க ஏற்றிவிட்டு, அன்றாடம் டீவியின் ஒலியை மட்டும் கூட்டிக் குறையுங்கள். இல்லையென்றால் வாப்பா ஒன்றைக் குறைக்க, பிள்ளைகள் மற்றதைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

மிஞ்சிய டீவி ரிமோட்டை வீசிவிடாதீர்கள். டீவியின் அமைப்புகளுக்குள் போகும் பொத்தான் அதில்தான் இருக்கிறது, சில பொக்ஸ் ரிமோட்டுகள் பற்றரி மாற்றும்போது கற்றதை மறந்தும்விடும். பற்றரியைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து கம்பியைத் தின்றுவிடும். கழற்றிய பற்றரியைச் சுவர் மணிக்கூட்டுக்குப் போடலாம் என்று ஒரு நானா யோசனை சொல்வார். அது அநேகமாகச் சேராது, அளவு வேறு.