முப்பத்தேழரை மாமியார்: சமையல் நிகழ்ச்சித் திரைக்கதையில் காலம் பற்றிய ஓர் ஆய்வு

சமையல் நிகழ்ச்சியின் திரைக்கதை இரண்டு பத்திகளாக எழுதப்படுகிறது. இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி. அடுப்பில் நடப்பது இடப்பக்கத்திலும், அடுப்பருகே பேசப்படுவது வலப்பக்கத்திலும் வரும். இவற்றுள் இடப்பக்கமே சமையல் என்றும், வலப்பக்கம் பொழுதுபோக்குக்காகச் சேர்த்தது என்றும் பொதுவாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கை தவறு என்பதே இக்கட்டுரையின் துணிபு. தொகுப்பாளரின் அரட்டை திரைக்கதையின் ஒரு கட்டுமான உறுப்பு. அடுப்பு கேட்கும் நேரத்துக்கும் திரை தரும் நேரத்துக்கும் நடுவே விழும் இடைவெளி எங்கே இருக்கிறதோ, சரியாக அங்கேதான் அரட்டை வைக்கப்படுகிறது. ஆகவே ஒரு பதார்த்தத்துக்கு எங்கே நேரம் பிடிக்கும் என்று அறிய விரும்புவோர் நிமிடக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு எங்கே நீள்கிறது என்று பார்த்தால் போதும்.

இதைச் சோதிக்க வத்தக்குழம்பு ஒன்றுக்கு மாதிரித் திரைக்கதை அமைத்துக்கொள்வோம். தேவையான பொருட்கள்: சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 15 பல், வறுத்து எடுத்த சுண்டைக்காய் வற்றல் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சை அளவு புளி, குழம்புப் பொடி 3 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 5 மேசைக்கரண்டி, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, சிறு துண்டு வெல்லம், உப்பு தேவையான அளவு. ஒவ்வொன்றும் கண்ணாடிக் கிண்ணத்தில் வரிசையாக நிற்க, கேமரா இடமிருந்து வலமாக நகரும். அடுத்து செய்முறை. கடுகும் வெந்தயமும் தாளித்து, வெங்காயம் பொன்னிறமாக 2 நிமிடம், பூண்டு 1 நிமிடம், பொடி போட்டுப் புளிக்கரைசல் ஊற்றி எண்ணெய் பிரியும் வரை 5 நிமிடம். ஆக மொத்தம் 8 நிமிடம். வீட்டு அடுப்பில், மிதமான தீயில் இதே வேலைக்கு வெங்காயம் ஏறத்தாழ 8 நிமிடமும், பூண்டு 2 நிமிடமும், குழம்பு 15 நிமிடமும் கேட்கும். ஆக மொத்தம் 25.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நீர். வெங்காயத்தின் எடையில் பெரும்பகுதி நீர்தான். அந்த நீர் மேற்பரப்பில் இருக்கும் வரை அங்கே சூடு 100 பாகையைத் தாண்டாது. நிறம் மாறும் வினை வேகம் பிடிக்க அதைவிட நன்றாகவே உயர்ந்த சூடு வேண்டும். எனவே முதல் சில நிமிடங்கள் வெங்காயம் வதங்குவதில்லை, தன் நீரிலேயே வேகிறது. உப்பு தூவினால் நீர் சீக்கிரம் வெளிவரும். ஆனால் வந்த நீர் ஆவியாகித்தான் தீர வேண்டும். குழம்புக்கும் இதே நியதிதான். புளிக்கரைசல் நீர்த்திருக்கும் வரை கொதியின் குலுக்கலில் எண்ணெய் அதனுள் சிதறிக் கலந்தே கிடக்கும். நீர் வற்றிக் குழம்பு இறுகிய பிறகே அது ஓரங்களில் ஒதுங்கி மேலே வரும். இதை 5 நிமிடத்தில் முடிக்க நினைப்பவர் தீயைக் கூட்டுவார். அப்போது எண்ணெய் பிரியுமுன் பொடி அடிப்பிடித்துக் கசக்கும்.

இனி வலப்பக்கம். கடுகு வெடிக்கும்போது யாரும் பேசுவதில்லை. அது பத்து வினாடியில் முடியும் வேலை. நெருக்கக் காட்சியும் ஓசையும் போதும். வெங்காயம் விழுந்ததும், "மேடம், இதுல புளிக்குப் பதிலா தக்காளி சேர்க்கலாமா?" என்ற கேள்வி பிறக்கிறது. குழம்பு கொதிக்கத் தொடங்கியதும், "எங்க மாமியார் இதைத்தான் மண்சட்டியில செய்வாங்க" என்ற நினைவு பிறக்கிறது. நினைவு முடிந்து கேமரா சட்டிக்குத் திரும்பும்போது எண்ணெய் பிரிந்திருக்கும். ஆய்வின் வசதிக்காக இத்தகைய ஒரு நினைவுகூரலை 40 வினாடி என்று கொண்டு, அந்த அளவுக்கு ஒரு மாமியார் எனப் பெயரிடுவோம். வத்தக்குழம்பை வெட்டாமல் காட்டுவதானால் 25 நிமிடத்துக்கு முப்பத்தேழரை மாமியார் தேவை. திரைக்கதையின் 8 நிமிடக் கணக்குப்படியே பார்த்தாலும் 12 மாமியார். நிகழ்ச்சிக்குக் கிடைப்பதோ இரண்டு, மிஞ்சினால் மூன்று.

அரட்டை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1963இல் பாஸ்டனின் WGBH நிலையத்தில் ஜூலியா சைல்ட் 'தி பிரெஞ்ச் செஃப்' தொடங்கியபோது, அரைமணி நிகழ்ச்சி பெரும்பாலும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பதிவானது. வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் அதே பதார்த்தத்தை முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். அதை மறைக்காமல் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே ஒரு நிமிடம் பேசினால் அடுப்பிலும் ஒரு நிமிடம் கழிந்தது. படத்தொகுப்பு எளிதானதும் இந்த உறவு அறுந்தது. இன்று தொகுப்பாளரின் முகம், வெங்காயம் வெள்ளையாக இருந்த காட்சிக்கும் பொன்னிறமான காட்சிக்கும் நடுவே ஒட்டப்படும் துண்டு. முன்பு நேரத்தை நிரப்பிய பேச்சு இப்போது நேரத்தின் வெட்டை மூடுகிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, நேரம் சுருக்கப்படுவது பார்ப்பவர்களுக்குத் தெரியும் என்பது. பாதி உண்மை. "புளியை முன்னாடியே ஊறவெச்சிருக்கேன்" என்று சொல்லிச் செய்யும் வெட்டு நேர்மையானது. அதில் எவரும் ஏமாறுவதில்லை. வெங்காயத்தில் நடப்பதோ சொல்லாத வெட்டு, போதாததற்கு 2 நிமிடம் என்ற சான்றிதழும் உண்டு. இரண்டாவது, அடுப்புக்கு அடுப்பு சட்டிக்குச் சட்டி நேரம் மாறும், எண் ஒரு தோராயமே என்பது. தோராயம் என்றால் பிழை இருபுறமும் விழ வேண்டும். சில நிகழ்ச்சிகளாவது வெங்காயத்துக்கு 15 நிமிடம் என்று பயமுறுத்தியிருக்க வேண்டும். எப்போதும் குறைவாகவே விழும் பிழையைப் பிழை என்பதைவிடக் கொள்கை என்பதே தகும். மூன்றாவது, அரட்டையே இல்லாமல் வெற்றி பெற்ற நிகழ்ச்சிகள் உண்டே என்பது. புதுக்கோட்டை மாவட்டத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' அதற்குச் சான்று. அங்கே பொருளின் பெயரை உரக்கக் கூவுகிறார்கள். கரண்டியும் நெருப்பும் ஒலிக்கின்றன. ஆனால் நிமிடக் கணக்கும் அங்கே பெரும்பாலும் எழுவதில்லை. அரட்டை போன இடத்தில் பொய் எண்ணும் போய்விட்டதால், இந்த மறுப்பு நம் துணிபுக்கே துணை நிற்கிறது.

எனில் பார்ப்பவர் எதை நம்புவது? நெருக்கக் காட்சியை, அதிலும் சற்றுக் கவனமாக. நிறம் ஏமாற்றும், மஞ்சள் விளக்கின் கீழ், கேமராவின் வெண்மைச் சமன் சரியாக வைக்கப்படாவிட்டால், பச்சை வெங்காயமும் பொன்னிறமாகத் தெரியும். ஆவியும் ஏமாற்றும், பின்னாலிருந்து ஒளி விழுந்து பின்புலம் இருட்டாக இருந்தால்தான் அது நன்றாகத் தெரியும், ஆகவே ஆவியின் அளவு விளக்குக்காரரின் திறமையையே அதிகம் காட்டும். ஏமாற்றக் கடினமானது சட்டியின் உள்சுவர். குழம்பு அங்கேயே கொதித்து வற்றியிருந்தால், முதலில் நின்ற மட்டத்தில் பொடி காய்ந்து ஒரு கோடு படிந்திருக்கும். இப்போதைய மட்டம் அதற்கு ஒரு விரல் கீழே இருக்கும். மாமியார் நினைவு முடிந்ததும் சுவர் பளபளவென்று இருந்தால், அது வேறு சட்டி, அல்லது துடைத்த சட்டி.

ஆகவே பரிந்துரை எளியது. திரைக்கதையில் நிமிடத்துக்குப் பதில் அடையாளத்தை எழுதலாம்: வெங்காயத்தின் ஓரம் சிவக்கும் வரை, பூண்டு கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் வரை, சுவர்க்கோட்டுக்குக் கீழே எண்ணெய் மிதக்கும் வரை. அரட்டையை நீக்க வேண்டியதில்லை. அது முடிந்தவுடன் சட்டியின் உள்சுவரை ஒருமுறை காட்டினால் கணக்கு நேராகிவிடும். இம்மாற்றத்துக்கு மாமியார்கள் தரப்பில் எதிர்ப்பு வர வாய்ப்பில்லை. திரையில் மேற்கோள் காட்டப்படும் எந்த மாமியாரும் நிமிடம் சொன்னதாகத் தகவல் இல்லை. அவர்கள் சொன்னதெல்லாம் "எண்ணெய் மேல வரட்டும்" என்பதுதான்.