160 பவுண்டு கோட்டின் அடக்க விலை

வெளிநாட்டு இணையதளத்தில் ஒரு பொருளுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் விலை, அந்தப் பொருள் விற்பவரின் கிடங்கில் இருக்கும் வரைக்குமான விலை. வாங்குபவரின் வீட்டு வாசலுக்கு அது வந்து சேரும்போது ஆகியிருக்கும் மொத்தச் செலவுதான் அடக்க விலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடலும் ஒரு சுங்கத்துறையும் இருக்கின்றன. கடலைத் தாண்ட ஆகும் செலவைத் திரையிலேயே காட்டிவிடுவார்கள். சுங்கத்துறையைத் தாண்ட ஆகும் செலவு, பொருள் வந்த பிறகு ஒரு சீட்டாக வந்து நிற்கும்.

பிரிட்டனில் இந்தச் சீட்டு பழகிப்போன விஷயம். லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் குடியிருக்கும் ஒருவர், அமெரிக்க இணையதளம் ஒன்றில் 200 டாலருக்குக் குளிர்காலக் கோட்டு ஒன்றைக் கண்டு மயங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பவுண்டுக்கு 1.25 டாலர் என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால் கோட்டின் விலை 160 பவுண்டு. உள்ளூர்க் கடையில் அதே மாதிரிக் கோட்டு 240. எண்பது பவுண்டு மிச்சம் என்று வீட்டில் அறிவிப்பும் செய்தாகிவிட்டது. அறிவித்த பிறகு கணக்குப் போடுவதுதான் உலக வழக்கம்.

கணக்கின் முதல் படி, சுங்க மதிப்பு. வரி பொருளின் விலைக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் முதல் அடி வாங்குகிறார்கள். பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டி வருவதே சுங்க மதிப்பு. கோட்டை அனுப்ப 40 டாலர், அதாவது 32 பவுண்டு. காப்பீட்டுக்கு 5 டாலர், அதாவது 4 பவுண்டு. ஆக 160, 32, 4 சேர்ந்து 196 பவுண்டு. விமானத்தில் ஏற்றிவந்த கூலிக்கும் வரி உண்டு என்பதால், அவசரத்துக்கு விரைவு அஞ்சலைத் தேர்ந்தெடுப்பவர் கூலியையும் கூடுதலாகக் கொடுத்து, கூடுதல் கூலிக்கு வரியும் கொடுக்கிறார். டாலரைப் பவுண்டாக மாற்றச் சுங்கத்துறை பயன்படுத்துவது பிரிட்டிஷ் வரித்துறை மாதாமாதம் வெளியிடும் விகிதம். வங்கி அட்டையில் பிடித்த விகிதம் வேறாக இருக்கலாம். இரண்டுக்கும் சில காசுகள் வித்தியாசம் என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை.

இரண்டாம் படி, சுங்க வரி. இதன் விகிதத்தைப் பொருளின் வகை தீர்மானிக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைத் தேடி எடுத்தால் எதிரே விகிதம் இருக்கும். தைத்த ஆடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது 12 சதவீதம். 196 பவுண்டுக்கு 12 சதவீதம் என்றால் 23.52.

மூன்றாம் படி, வாட். இது 20 சதவீதம். எதன்மேல் 20 என்பதில்தான் நுணுக்கம். சுங்க மதிப்போடு சுங்க வரியையும் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் வாட் போடுவார்கள். 196 உடன் 23.52 சேர்ந்தால் 219.52. அதில் 20 சதவீதம் 43.90. அதாவது கட்டிய வரிக்கும் ஒரு வரி. 12ஐயும் 20ஐயும் கூட்டி 32 சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டவருக்கு உண்மையில் விழுவது 34.4 சதவீதம். அதுவும் 160க்கு அல்ல, 196க்கு.

நான்காம் படிக்கு எந்தச் சட்டமும் சதவீதம் வைக்கவில்லை. அது கையாளும் கட்டணம். அஞ்சல்காரரோ கூரியரோ வாங்குபவருக்காக வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டு, கட்டிய சிரமத்துக்குத் தனியாக வசூலிப்பார். ராயல் மெயில் பல காலமாக வாங்கிவருவது 8 பவுண்டு. கூரியர் நிறுவனங்களில் இது பெரும்பாலும் அதைவிட அதிகம். ஐந்து பவுண்டு வரிக்குப் பன்னிரண்டு பவுண்டு கட்டணம் கட்ட நேர்ந்தவர்களும் உண்டு. அவர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

ஐந்தாவது, வங்கி. வெளிநாட்டுப் பணத்தில் வாங்கினால் பல அட்டைகள் 3 சதவீதம் அளவில் கட்டணம் பிடிக்கும். விற்பவருக்குப் போன 196 பவுண்டுக்கு 5.88.

இப்போது மொத்தம்: 196, வரிகள் 67.42, அஞ்சல் கட்டணம் 8, வங்கி 5.88. ஆக 277.30 பவுண்டு. உள்ளூர்க் கடையில் 240. வீட்டில் அறிவித்த எண்பது பவுண்டு மிச்சம், முப்பத்தேழு பவுண்டு நஷ்டமாக உருமாறி வாசலில் நிற்கிறது. கதவிடுக்கில் ராயல் மெயில் செருகிவிட்டுப் போன அட்டையில் வாட், சுங்க வரி, கட்டணம் என்று வரிவரியாகத் தொகை இருக்கும். அதை யார் முதலில் எடுத்துப் படிக்கிறார் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பணம் கட்டும்வரை பார்சலை ஏறக்குறைய மூன்று வாரம் வைத்திருப்பார்கள். அதன் பிறகு கோட்டு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்விடும்.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் புரட்டிப்போடும் ஓர் எண் உண்டு. அது 135 பவுண்டு. ஒரு பார்சலில் உள்ள பொருள்களின் மதிப்பு அதற்குள் அடங்கினால் சுங்க வரி கிடையாது. வாட்டை விற்பவரே விலையோடு சேர்த்து வாங்கி பிரிட்டனுக்குக் கட்டிவிட வேண்டும். வாசலில் சீட்டு வராது, 8 பவுண்டும் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. அதற்கு முன்பு 15 பவுண்டு வரையிலான சிறு பொருள்களுக்கு வாட்டும் இல்லாமல் இருந்தது. அந்தச் சலுகையும் அன்றோடு போயிற்று.

அதே தளத்தில் 165 டாலர் கோட்டு ஒன்று இருந்தால் அதன் விலை 132 பவுண்டு. அனுப்பும் செலவும் காப்பீடும் அதே 36. மொத்தம் 168, வாட் 33.60, ஆக 201.60. வங்கிக் கட்டணம் 6.05 சேர்த்தால் 207.65. திரையில் இரண்டு கோட்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் 28 பவுண்டு. வாசலில் அது 69.65. 160 பவுண்டு கோட்டின் பையில் ஒரு பொத்தான் கூடுதலாக இருந்தாலும், அதற்கு இந்த விலை அதிகம்தான்.

135ஐப் பார்க்கும்போது பொருளின் விலையை மட்டும் பார்ப்பார்கள். அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்ப்பதில்லை. ஆனால் அவை பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த ‘ஆனால்’ காரணமாகத்தான் இலவச டெலிவரி என்ற சொல் ஆபத்தானதாகிறது. அதே 132 பவுண்டு கோட்டை, 36 பவுண்டு செலவையும் விலைக்குள் மறைத்து, ‘168 பவுண்டு, டெலிவரி இலவசம்’ என்று விற்பதாக வைத்துக்கொள்ளலாம். பில்லில் டெலிவரிக்கு எதிரே பூஜ்யம். சுங்கத்துறையின் கண்ணுக்கு இது 168 பவுண்டு கோட்டு, எல்லையைத் தாண்டிவிட்டது. சுங்க வரி 20.16, வாட் 37.63, அஞ்சல் கட்டணம் 8, வங்கி 5.04. மொத்தம் 238.83. டெலிவரிக்குக் காசு கொடுத்தவர் 207.65இல் முடித்துக்கொண்டார், இலவசமாகப் பெற்றவர் 31.18 அதிகம் கொடுத்தார்.

ஒரே பார்சலில் இரண்டு பொருள் வந்தாலும் இதே கதிதான். தலா 80 பவுண்டுக்கு இரண்டு சட்டை வாங்கினால், எல்லை சட்டைக்கு அல்ல, பார்சலுக்கு. அனுப்பும் செலவை மிச்சம் பிடிக்க மைத்துனரின் சட்டையையும் தன் ஆர்டரில் சேர்த்துக்கொள்பவர், மிச்சத்தைவிடக் கூடுதலாக வரி கட்டி உறவைக் காப்பாற்றுகிறார்.

அடுத்து, எங்கே வாங்கினோம் என்பதும் எங்கே தைத்தது என்பதும் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தோடு பிரிட்டன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்கிருந்து வரும் பொருளுக்குச் சுங்க வரி இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால், அங்கே உருவான பொருளுக்குத்தான் இல்லை. ஜெர்மன் தளம் ஒன்றில் 160 பவுண்டுக்குக் கோட்டு வாங்கி, கழுத்துப்பட்டையில் வங்கதேசத்தில் செய்தது என்று எழுதியிருந்தால் 12 சதவீதம் கட்டியாக வேண்டும். அதே கோட்டு உரிய சான்றோடு வங்கதேசத்திலிருந்து நேராக வந்திருந்தால், வளரும் நாடுகளுக்கான சலுகையில் சுங்க வரி இல்லாமலே வந்திருக்கக்கூடும். ஜெர்மனியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த குற்றத்துக்குத்தான் அதற்கு அபராதம்.

இதையெல்லாம் தவிர்க்க, விற்பவரிடமே ‘பரிசு என்று எழுதி அனுப்புங்கள்’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பரிசுக்குச் சலுகை உண்மையில் உண்டு: 39 பவுண்டு வரை வாட் கிடையாது. ஆனால் அது ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு அனுப்புவதாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து பெரியம்மா பேத்திக்கு அனுப்பும் பாவாடை பரிசு. கடையின் முத்திரையோடும் ஆர்டர் எண்ணோடும் வரும் கோட்டு பரிசு ஆகாது. முன்பின் தெரியாத கிடங்கு ஒன்றுக்கு வாங்குபவர்மேல் அவ்வளவு பாசம் இருப்பதாகச் சுங்க அதிகாரிகள் நம்புவதில்லை. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் அப்படியே. சந்தேகம் வந்தால் பணம் கட்டிய ரசீதைக் கேட்பார்கள், பொருளைப் பறிமுதலும் செய்யலாம்.

அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு கணக்கு தொடங்கும். விலையை விற்பவர் திருப்பிக் கொடுப்பார். வரியை அவர் வாங்கவில்லை, அதனால் கொடுக்கமாட்டார். அதை வரித்துறையிடம் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும். ராயல் மெயில் வழி வந்ததற்கு `BOR286`, கூரியர் வழி வந்ததற்கு `C285` என்பது படிவம். பார்சலில் ஒட்டிய வரிச் சீட்டைக் கிழித்து எறியாமல் வைத்திருந்தவருக்கே இது எளிது. கையாளும் கட்டணம் திரும்பாது. சரியான அளவோ தவறான அளவோ, கையாண்டது கையாண்டதுதான்.

ஆகவே பணம் கட்டும் பொத்தானை அமுக்கும் முன் பார்க்க வேண்டியவை சில. பொருளின் மதிப்பு 135க்குள் இருக்கிறதா, டெலிவரி பில்லில் தனியாக வருகிறதா, எங்கே செய்தது, வரி விற்பவர் கட்டும் ஏற்பாடா, வாங்குபவர் வாசலில் கட்டும் ஏற்பாடா. கடைசிக் கேள்விக்கு விடை பணம் கட்டும் பக்கத்திலேயே இருக்கும். வரியையும் சேர்த்து வாங்கிவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். வரி என்ற சொல்லே அங்கு காணப்படாவிட்டால், பின்னால் வருகிறது என்று பொருள். இந்த விதிகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு உரியவை. வட அயர்லாந்துக்கு வேறு ஏற்பாடு உண்டு. 135 பவுண்டு எல்லைக்கும் ஆயுள் குறைவு: 2029 மார்ச்சுக்குள் அதை நீக்கப்போவதாக அரசு 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டது. அதன் பிறகு 132 பவுண்டு கோட்டுக்கும் சுங்க வரி வரும்.