பழுப்பு குறுக்கே நின்றால்?

*ஸ்னூக்கர் பார்க்கத் தொடங்கிய வாசகர்களிடமிருந்து குவிந்த கேள்விகள் ஏறக்குறைய ஒரே இடத்தைச் சுற்றியே வந்தன. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.*

கே: 'ஸ்னூக்கர் ஆகிவிட்டார்' என்கிறார்களே, அப்படி என்ன ஆகிவிடுகிறது?

ப: வெள்ளைப் பந்துக்கு நேர்வழி அடைபட்டுவிடுகிறது. ஒவ்வொரு அடியிலும் வெள்ளை முதலில் எந்தப் பந்தைத் தொட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. இப்போது சிவப்பின் முறை என்றால், சிவப்புக்குப் போகும் வழியில் பழுப்போ நீலமோ நின்றால் அது ஸ்னூக்கர். சிவப்பை இன்னொரு சிவப்பு மறைத்தால் ஸ்னூக்கர் இல்லை. முன்னால் நிற்பதும் அடிக்கத் தகுந்த பந்துதானே, அதையே அடித்துக்கொள்ளலாம்.

கே: சிவப்பில் பாதி கண்ணுக்குத் தெரிகிறது. அப்போதும் ஸ்னூக்கரா?

ப: ஆமாம். இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். விதி கேட்பது பந்து தெரிகிறதா என்று அல்ல. அந்தப் பந்தின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் வெள்ளை நேராகப் போய்த் தொட முடியுமா என்றுதான் கேட்கிறது. இரண்டில் ஓர் ஓரம் அடைபட்டாலும் ஸ்னூக்கர்தான். மேஜையில் பல சிவப்புகள் இருந்தால், அவற்றில் ஏதாவது ஒன்றுக்காவது இரண்டு ஓரமும் திறந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்துவிட்டால் ஸ்னூக்கர் இல்லை.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். சிவப்பின் இடது ஓரத்தை உரசிப் போகும் நொடியில் வெள்ளை, சிவப்புக்குப் பக்கத்தில் முழுசாக ஒரு பந்தளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வலது பக்கமும் அப்படியே. ஆக, சிவப்பு இருக்கும் இடத்தில் மூன்று பந்து அகலத்துக்கு, அதாவது சுமார் 157 மில்லிமீட்டருக்கு, வழி திறந்திருக்க வேண்டும். சிவப்பு முழுசாகத் தெரிந்தும் நடுவர் ஸ்னூக்கர் என்று சொல்வது இதனால்தான். கண்ணின் பார்வை ஒரு கோடு. வெள்ளைக்கோ உடம்பு இருக்கிறது. நடுவர் வெள்ளைக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஒரு ஓரம் பார்த்துவிட்டு மறு ஓரத்துக்கு நகர்வதை அடுத்த முறை கவனியுங்கள். அளப்பது இந்த அகலத்தைத்தான்.

கே: பாக்கெட் வாயில் வெள்ளை ஒதுங்கிவிட்டது. குஷன் முனைதான் மறைக்கிறது. இதுவும் ஸ்னூக்கர்தானே?

ப: இல்லை. பந்துதான் ஸ்னூக்கர் செய்யும், குஷனால் முடியாது. எதிராளி ஃபவுல் செய்து உங்களை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தாலும், மறைப்பது குஷன் மட்டும் என்றால் ஃப்ரீ பால் கிடையாது. வேண்டுமானால் அவரையே மறுபடி ஆடச் சொல்லலாம்.

கே: ஃப்ரீ பால் என்பது ஸ்னூக்கர் ஆனவருக்குத் தரும் சலுகையா?

ப: ஸ்னூக்கர் ஆனாலே கிடைத்துவிடாது. எதிராளி ஒழுங்காக ஆடி, வெள்ளையைப் பழுப்புக்குப் பின்னால் நிறுத்தினால் அது அவருடைய திறமை. நீங்கள்தான் வழி தேட வேண்டும். அவர் ஃபவுல் செய்து, அந்த ஃபவுலுக்குப் பிறகு வெள்ளை ஸ்னூக்கராகி நின்றால்தான் ஃப்ரீ பால். தவறு செய்தவர் அந்தத் தவறாலேயே லாபம் அடையக்கூடாது என்பதே இதன் உயிர்.

கிடைத்தால் என்ன செய்யலாம்? எந்தக் கலரையும் சிவப்பாகப் பாவித்து அடிக்கலாம். எது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. 'பழுப்பு' என்று சொல்லி அதைப் பாட் செய்தால் 4 கிடைக்காது. அந்த நேரத்துக்கு அது சிவப்பு, ஆகவே 1 புள்ளிதான். நடுவர் பழுப்பை எடுத்து அதன் இடத்தில் திரும்ப வைப்பார். சிவப்பை அடித்தவருக்கு அடுத்தது ஒரு கலர் இல்லையா? அந்த உரிமையும் உங்களுக்கு வரும். கறுப்பை அடித்தால் 7. மேஜையில் இருந்த ஒரு சிவப்புகூடக் குறையாமல் 8 புள்ளி எடுத்துவிட்டீர்கள்.

கே: அப்படியானால் 147-தான் உச்சம் என்பது பொய்யா?

ப: ஃபவுலே இல்லாத ஃபிரேமில் உச்சம் 147-தான். 15 சிவப்பும் மேஜையில் இருக்கும்போதே ஃப்ரீ பால் கிடைத்தால் இன்னும் 8 சேரும். 155 வரை போகலாம். 2004-ல் யு.கே. சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்தின் ஜேமி பர்னெட் 148 எடுத்தார். பழுப்பைச் சிவப்பாகப் பாவித்து 1, அதே பழுப்பைக் கலராக அடித்து 4 என்று தொடங்கினார். அதற்குப் பிறகுதான் 15 நிஜச் சிவப்பும் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

கே: ஃப்ரீ பால் கிடைத்ததும், நான் சொன்ன கலருக்குப் பின்னாலேயே வெள்ளையை ஒளித்துவைத்து எதிராளியை மாட்டிவிடலாமா?

ப: கூடாது. நீங்கள் சொன்ன பந்தே அவரை மறைத்தால் அது உங்கள் ஃபவுல். பிங்க்கும் கறுப்பும் மட்டும் மிஞ்சியிருக்கும்போது மட்டும் இதற்கு விலக்கு. பழுப்பைச் சொல்லி, அதை மெல்ல உரசிவிட்டு வெள்ளையை நீலத்துக்குப் பின்னால் நிறுத்தினால் குற்றமில்லை.

கே: ஃபவுல் சரி. கூடவே 'மிஸ்' என்றும் சொல்கிறாரே, அதென்ன?

ப: ஃபவுல் என்பது நடந்ததைச் சொல்வது. மிஸ் என்பது முயற்சியின் மேல் நடுவர் சொல்லும் தீர்ப்பு. அடிக்க வேண்டிய பந்தைத் தொட ஆட்டக்காரர் தன்னால் இயன்றவரை முயல வேண்டும் என்று விதி இருக்கிறது. அது போதாது என்று நடுவர் நினைத்தால் 'ஃபவுல் அண்ட் எ மிஸ்' என்பார். வெள்ளை சிவப்பைத் தொட்டுவிட்டுப் பிறகு பாக்கெட்டில் விழுந்தால் அது வெறும் ஃபவுல். தொட வேண்டியதைத் தொட்டாயிற்று.

மிஸ் சொன்னால் எதிராளிக்கு ஒரு கூடுதல் உரிமை வருகிறது. இருக்கிற நிலையில் தானே ஆடலாம், இதே நிலையில் உங்களை ஆடச் சொல்லலாம் என்பது எந்த ஃபவுலுக்கும் உண்டு. மிஸ் என்றால், பந்துகளையெல்லாம் பழைய இடத்துக்கே வைத்து, அதே இக்கட்டில் உங்களை மறுபடி நிறுத்தலாம். இந்த விதி இல்லாவிட்டால் ஸ்னூக்கர் ஆனவர் சிவப்பைத் தொட மெனக்கெட மாட்டார். வெள்ளையைப் பத்திரமான மூலைக்கு உருட்டிவிட்டு, 4 புள்ளி போனால் போகட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். எதிராளி பாடுபட்டு வைத்த ஸ்னூக்கர் வெறும் 4 புள்ளிக்கு விலைபோய்விடும்.

கே: பாவம், அவர் நிஜமாகவே முயன்றார். அரை அங்குலத்தில் தவறியது. அதற்கும் மிஸ்ஸா?

ப: பெரிய போட்டிகளில் பெரும்பாலும் ஆமாம், அது நியாயம் என்பதே என் கருத்து. தொழில்முறை ஆட்டக்காரருக்குத் தப்பும் வழி பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் தெரியும். சிவப்புக் கூட்டத்தின் நடுவில் போய் மோதும் சுலபமான வழி ஒன்று. ஆனால் சிவப்புகள் சிதறி எதிராளிக்கு விருந்தாகிவிடும். ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு சிவப்பை மெல்லத் தொட்டுவிட்டு ஒதுங்குவது இன்னொன்று. அவர் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பான இரண்டாவதைத்தான். அந்த அரை அங்குலத் தவறுக்குப் பின்னால் அப்படி ஒரு தேர்வு இருக்கிறது.

சிவப்பை எட்டும் அளவுக்கே வேகமில்லாமல் அடித்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், அது மிஸ். குஷனில் பட்டுத் திரும்பிய வெள்ளை சிவப்புக்கு முன்னாலேயே உயிர்விட்டு நின்றால், நடுவர் வாயைத் திறப்பதற்குள் நீங்களே சொல்லிவிடலாம். கிளப்பில் பழகுபவர்களுக்கு இதே கண்டிப்பு தேவையில்லை. 'தன்னால் இயன்றவரை' என்பதில் அந்த 'தன்' முக்கியம். இரண்டு குஷன் கணக்குப் போட இப்போதுதான் கற்பவரை நூறு எடுப்பவரின் அளவுகோலால் அளக்கக்கூடாது.

கே: தொடும்வரை மிஸ் சொல்லிக்கொண்டே போனால் ஃபிரேமே போய்விடுமே. முடிவே இல்லையா?

ப: உண்டு, அது ஸ்கோரில் இருக்கிறது. ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம்.

மேஜையில் ஒரே ஒரு சிவப்பும் ஆறு கலர்களும். இனி எடுக்கக்கூடியது சிவப்புக்கு 1, அதோடு கறுப்புக்கு 7, பிறகு ஆறு கலர்களுக்கும் சேர்த்து 27, மொத்தம் 35. நீங்கள் 30 புள்ளி பின்தங்கி இருக்கிறீர்கள். சிவப்பு மேல் குஷன் ஓரத்தில். வெள்ளை பழுப்புக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறது. பக்கக் குஷனில் அடித்துத் திருப்புகிறீர்கள். சிவப்பைத் தொடாமல் போகிறது. ஃபவுல், எதிராளிக்கு 4, இடைவெளி 34. இன்னும் 35 இருப்பதால் நீங்கள் ஆட்டத்தில் இருக்கிறீர்கள். நடுவர் மிஸ் என்கிறார். எதிராளி பழைய நிலையைக் கேட்கிறார். நடுவர் பந்துகளை வைத்து, திரையில் சரிபார்த்து, இருவரிடமும் சம்மதம் கேட்கிறார்.

இரண்டாவது முறை வேகத்தைக் கூட்டுகிறீர்கள். கோணம் விரிந்து மறுபடி தவறுகிறது. மேலும் 4. இடைவெளி 38. மேஜையில் இருப்பது 35-தான். எல்லாவற்றையும் எடுத்தாலும் போதாது. எதிராளியின் ஃபவுல் புள்ளி உங்களுக்கு வேண்டும். இந்த நிலை வந்துவிட்டால், வேண்டுமென்றே தவறவிடவில்லை என்று நடுவர் நம்பும்வரை, வெறும் ஃபவுல்தான், மிஸ் கிடையாது. இனி எதிராளி வெள்ளை நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்தே உங்களை ஆடச் சொல்ல வேண்டும். வெள்ளை இப்போது நீலத்துக்குப் பின்னால் போய் நின்று, சிவப்பின் ஓர் ஓரம் அவருக்கு அடைபட்டிருந்தால்? அவருக்கு ஃப்ரீ பால். ஏதாவது ஒரு கலரைச் சிவப்பாக அடித்து, அதற்குமேல் ஒரு கலரும் எடுத்து, அதன் பிறகுதான் நிஜச் சிவப்புக்கு வருவார்.

மிஸ் சத்தம் நின்றுவிட்டதே என்று டிவி முன்னால் குழம்புகிறீர்களா? திரையின் அடியில் ஓடும் ஸ்கோரையும் மீதமுள்ள புள்ளிகளையும் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கே: மூன்று மிஸ் ஆனால் ஃபிரேம் போய்விடும் என்கிறான் என் தம்பி. உண்மையா?

ப: தம்பி சொல்வது பாதி சரி. ஸ்னூக்கர் ஆகியிருக்கும்போது அது பொருந்தாது. பத்து முறை தவறினாலும் புள்ளிதான் போகும். அடிக்க வேண்டிய பந்தின் நட்டநடுவை நேராக, முழுசாகத் தாக்க வழி திறந்திருந்தும் தவறவிட்டால்தான் அந்த ஆபத்து. முதல் மிஸ்ஸுக்குப் பிறகு பந்துகளைத் திரும்ப வைத்து, அதே நிலையில் இரண்டாவது முறையும் தவறினால், ஸ்கோர் எதுவாக இருந்தாலும் மிஸ்தான். அப்போது நடுவர் எச்சரிப்பார். மூன்றாவது முறையும் தவறினால் ஃபிரேம் எதிராளிக்கு.

நேரே நிற்கும் பந்தை யாராவது மூன்று முறை தவறவிடுவார்களா? நடுவில் அடித்தால் மாட்டார்கள். ஆனால் நடுவில் அடித்தால் சிவப்புகள் திறந்துவிடுமே என்று, முடியளவு ஓரத்தை உரசிவிட்டுத் திரும்பப் பார்ப்பார்கள். எச்சரிக்கை காதில் விழுந்த பிறகு பெரும்பாலோர் அந்த ஆசையை விட்டு, பந்தின் தடித்த பக்கத்தையே குறிவைப்பார்கள்.